இரவு 9.40-க்கு ரெக்ரூட்டர் மெசேஜ்: பதிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வேலை மாறும் எண்ணம் இருக்கிறதா? இப்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் சொல்லுங்கள்." இரவு 9.40-க்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வருகிறது. பகலில் வேலையில் இருப்பவர்கள் போனை எடுப்பதில்லை என்பதால் ரெக்ரூட்டர்கள் பலர் இந்த நேரத்தில்தான் ஆட்களைப் பிடிக்கிறார்கள். இதே கேள்வி இன்னும் பலருக்குப் போயிருக்கும். வருகிற பதில்களை அவர் ஒரு ஷீட்டில் ஏற்றுவார். சில சமயம் உங்கள் பதிலின் ஸ்கிரீன்ஷாட் அப்படியே ஆள் எடுக்கும் மேனேஜருக்குப் போகும். அந்த மேனேஜர் அதைக் காலையில், ஆபீஸில் உட்கார்ந்து படிப்பார்.

அதிகம் நடக்கும் தவறு, நண்பருக்கு அடிப்பதுபோல் துண்டு துண்டாக அனுப்புவது:

"ஹாய்"
"ஆமா பாக்குறேன்"
"என்ன கம்பெனி?"
"சம்பளம் எவ்ளோ தருவாங்க"

நான்கு முறை அவர் போன் அடித்தும், கேட்ட மூன்றில் ஒன்றுக்கும் விடை இல்லை. உங்கள் எண்ணை அவர் சேமித்திருக்காவிட்டால் யார் எழுதியது என்பதும் தெரியாது. அதே ஆள் இப்படி எழுதியிருக்கலாம்:

"வணக்கம், தகவலுக்கு நன்றி. வேலை மாற்றம் பற்றிப் பேச விருப்பம் உண்டு. நோட்டீஸ் பீரியட் 60 நாள். நிறுவனத்தின் பெயரையும் வேலை விவரத்தையும் அனுப்புங்கள். படித்துவிட்டு நாளை காலை 11 மணிக்குள் சம்பளம் பற்றிச் சொல்கிறேன்." கீழே முழுப்பெயர், இப்போதைய பதவி.

ஒரே மெசேஜ். ஷீட்டில் ஏற்ற ஒரு தகவல் கிடைத்துவிட்டது, மிச்சத்துக்கு நேரமும் குறித்தாகிவிட்டது. சம்பளத்தை மட்டும் வேண்டுமென்றேதான் தள்ளிவைத்திருக்கிறோம். அலுப்பில் அடித்த ஒரு தொகை ஷீட்டில் ஏறிவிட்டால் பிறகு பேரம் அதிலிருந்துதான் தொடங்கும். வேலையின் அளவு தெரியாமல் சொன்ன தொகையை மறுநாள் உயர்த்தினால், பேச்சு மாறுகிறவர் என்ற பெயர்தான் மிஞ்சும். ஆனால் 11 மணி என்று சொன்னால் 11 மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த வரியை எழுதாமல் இருப்பதே மேல்.

இன்னொன்று, நேரத்தைப் பற்றிய பேச்சு. "இந்த நேரத்துல மெசேஜ் பண்றீங்களே" என்பது எரிச்சலாகப் படும். "தூங்கப் போயிட்டேன், சாரி" என்பது தேவையில்லாத சமாதானம். இரண்டுமே வேண்டாம். இரவில் பேச விருப்பமில்லை என்றால், "அழைப்புக்குக் காலை 9 முதல் 10 வரை, மாலை 6-க்கு மேல் 8 வரை வசதி" என்று நேரத்தைச் சொன்னால் போதும், குறிப்பு புரிந்துவிடும். அவர் "ஹாய் டியர்", ஸ்மைலி என்று இறங்கி வந்தாலும் நீங்கள் "நீங்கள்", முழு வாக்கியம் என்றே இருங்கள்.

அவசரமாக அனுப்பிவிட்டுத் திருத்துவதிலும் சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் எடிட் செய்யலாம். ஆனால் திருத்தியது என்ற அடையாளம் கூடவே தெரியும். எல்லோருக்கும் அழித்தாலும், அங்கே ஒரு மெசேஜ் அழிக்கப்பட்டது என்ற வரி நிற்கும். அதற்குள் அவர் நோட்டிஃபிகேஷனில் படித்திருக்கவும் கூடும். ஆகவே நோட்ஸ் ஆப்பில் எழுதி, ஒருமுறை படித்துவிட்டு ஒட்டுங்கள். வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். சத்தமான இடத்தில் அவரால் கேட்க முடியாது, ஷீட்டில் ஒட்டவும் முடியாது, உங்கள் குரலின் களைப்பும் அதில் பதிவாகிவிடும்.

திறந்து படித்துவிட்டு, நீல டிக் விழுந்தபின் இரண்டு நாள் மௌனமாக இருப்பதும் தவறுதான். பதில் எழுதும் நிலையில் இல்லை என்றால் சாட்டைத் திறக்காமல் நோட்டிஃபிகேஷனிலேயே படியுங்கள். திறந்தபின் 'படிக்காதது' என்று குறித்தால் அது உங்களுக்கான நினைவூட்டல் மட்டும்தான். அவர் பக்கம் விழுந்த நீல டிக் மாறாது. காலையில் பதில் எழுதினால் தாமதத்துக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. விதிவிலக்கு, "நாளை காலை 10 மணிக்கு இன்டர்வியூ, வர முடியுமா?" என்ற வகை மெசேஜ். அதற்கு மட்டும் அன்றிரவே முடியும் அல்லது முடியாது என்று ஒரு வரி போய்ச் சேர வேண்டும்.

தேதி, நேரம், சம்பளம் என எது முடிவானாலும் அதை மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்த சாட்டில் தானாக மறையும் மெசேஜ் வசதி இயக்கத்தில் இருந்தால், 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ எல்லாம் போய்விடும்.