அறிக்கை முழுக்க ஒரு சொல்லை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கல்பட்டுப் பக்கத்துப் பாசன நீர்நிலைகள் பற்றி 140 பக்க வேர்டு அறிக்கை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவர் எல்லா இடத்திலும் 'குளம்' என்று போட்டிருக்கிறார். அந்த வட்டாரத்தில் வயலுக்குப் பாய்வது ஏரித் தண்ணீர். குளம் என்றால் கோயில் குளமோ ஊர்க் குளமோதான். மாற்றியே ஆக வேண்டும். உடனே Ctrl+H, அப்புறம் Replace All. பலர் சறுக்குவது இங்கேதான்.

'குளம்' என்று தேடினால் அந்த ஒரு வடிவம்தான் சிக்கும். குளத்தில், குளங்களை, குளமும் எல்லாம் அப்படியே கிடக்கும். சரி என்று 'குள' எனச் சுருக்கித் தேடினால் 'ஏரித்தில்' முளைக்கும். குளத்தூர்கூட ஏரித்தூர் ஆகிவிடும். முன்சொல்லோடு ஒட்டிய ஒற்று இன்னும் மோசம். 'இந்தக் குளம்' என்பது 'இந்தக் ஏரி' என்று நிற்கும். எனவே முதலில் சொற்றொடர்களை மாற்றுங்கள்: 'இந்தக் குளம்' 'இந்த ஏரி' ஆகட்டும், 'ஒரு குளம்' 'ஓர் ஏரி' ஆகட்டும், 'இக்குளம்' 'இவ்வேரி' ஆகட்டும். அதன் பிறகு 'குளத்தில்', 'குளத்தின்', 'குளங்க' என ஒவ்வொரு வடிவமாக, முன்சொல்லில் மிஞ்சும் ஒற்றையும் நீக்கியபடி வாருங்கள். கோயில் குளமும் இதே அறிக்கையில் இருப்பதால் Find Next வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

அடுத்தது தலைப்பு. '4.2 குளத்தின் கொள்ளளவு' என்ற தலைப்பை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக அடிக்காதீர்கள். குறுக்குக் குறிப்பு செருகியபோது வேர்டு அந்தத் தலைப்பைச் சுற்றி மறைவாக ஒரு புக்மார்க் வைத்திருக்கிறது. தலைப்போடு அதுவும் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு யாராவது குறிப்புகளைப் புதுப்பிக்க F9 அழுத்தும்போது 'பிரிவு 4.2' என்பதில் 4.2 இருந்த இடத்தில் `Error! Reference source not found.` வந்து நிற்கும். 'குள' என்பதற்குப் பின்னால் கர்சரை வைத்து 'ஏரியின்' என்று அடித்து, பிறகு இருபுறமும் மிஞ்சிய பழைய எழுத்துகளை நீக்குங்கள். பத்திக் குறியைத் தொடாதீர்கள். தலைப்பின் ஸ்டைலும் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. Ctrl+Shift+8 அழுத்தினால் அது கண்ணில் படும்.

பொருளடக்கத்திலும் குறுக்குக் குறிப்பிலும் தெரியும் 'குளத்தின்' என்பதை அங்கேயே திருத்துவதும் வீண் வேலை. மூலத் தலைப்பு மாறாவிட்டால் F9 அழுத்தியதும் பழைய சொல் திரும்பி வந்துவிடும்.

பழைய பின்னிணைப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் தேடல் அவற்றைத் தாண்டிப் போய்விடும். திரையில் குளம் என்று தெரிந்தாலும் கோப்பில் இருப்பது `Fsk;` என்ற ஆங்கில விசைகள். அந்தப் பகுதியை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து சொல்லை ஒட்டினால் Keep Text Only கொடுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் எழுத்துருவும் கூடவே வரும்.

கடைசியில் Ctrl+A, F9. அடிக்குறிப்புகளை அது தொடாது. அவற்றுக்குள் கிளிக் செய்து அங்கே தனியாக ஒருமுறை Ctrl+A, F9 அழுத்துங்கள். பிறகு 'Error!' என்றும் 'குள' என்றும் தேடுங்கள். முதலாவது எங்கும் வரக்கூடாது. இரண்டாவது, கோயில் குளங்களிலும் ஊர்க் குளங்களிலும் ஊர்ப் பெயர்களிலும், 'அதற்குள்', 'குளிர்' போன்ற தொடர்பில்லாத சொற்களிலும் மட்டும் வரலாம்.