மிளகாய் கிரீம்: எரிச்சலுக்குப் பயந்து நடுவில் நிறுத்துவதுதான் பெரிய தவறு

என் சித்திக்கு முழங்கால் தேய்மானம். வலிக்கு, மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் கலந்த கிரீம் வாங்கி ஒரு ராத்திரி தடவினார். கொஞ்ச நேரத்தில் முட்டி திகுதிகுவென்று எரிந்தது. காலையில் பழைய வலி அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் ட்யூப் அலமாரிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வலி தாங்காத நாட்களில் மட்டும் எடுத்துத் தடவுவார். ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான் மிச்சம். "எனக்கு இது ஒத்துக்கல" என்று முடிவு கட்டிவிட்டார்.

உண்மையில் அந்த மருந்து வேலை செய்யவே அவர் விடவில்லை. ஏன் என்று புரிய, தோலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வலியை உணரும் மெல்லிய நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு கதவு மாதிரி. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும். "சுடுது" என்ற செய்தி மூளைக்குப் போகும். அதே கதவை மிளகாயின் கேப்சைசினும் திறந்துவிடும். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் இதைக் கண்டுபிடித்தது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, முட்டி எரியும்போது அங்கே தோல் வெந்துகொண்டிருப்பதில்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கதவு திறந்ததும் கால்சியம் நரம்பு நுனிக்குள் பாய்கிறது. அது அளவுக்கு மேல் சேரும்போது, அந்தக் கால்சியமே கதவை மந்தமாக்கிவிடுகிறது. இது முதல் கட்டம். நாள்தோறும் இது திரும்பத் திரும்ப நடந்தால் நுனியே செயலிழந்து, தோலின் மேலடுக்கிலிருந்து பின்வாங்கிக்கொள்கிறது. வலிச் செய்தி கிளம்புவது அப்போதுதான் குறைகிறது. நரம்பில் இருக்கும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருள் தீர்ந்துபோவதால்தான் மரத்துப்போகிறது என்று முன்பு சொல்வார்கள். இப்போது அதை ஒரு பகுதி விளக்கமாகத்தான் கொள்கிறார்கள்.

இதில் முக்கியமான விஷயம், மரத்த நுனிகள் நிரந்தரமாக மரத்துப்போவதில்லை. மருந்தை நிறுத்தினால் மீண்டும் தேறி வளர்ந்துவிடும். வலிக்கும்போது மட்டும் தடவுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான்: எரிச்சல் முழுதாகக் கிடைக்கும், மரப்பு வந்து சேராது. சாதாரணமாக 0.025 முதல் 0.075 சதவீத கிரீம்களை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தவறாமல் தடவச் சொல்வது இதற்காகத்தான். அப்படிச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு நாளாக ஆக எரிச்சல் தணியும். வலி குறைவது தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு நான்கு வாரம் வரைகூட ஆகலாம். சித்தி நிறுத்தியதோ மூன்றாம் நாளில்.

"எரிஞ்சாதானே வேலை செய்யும்" என்று அப்பி வைப்பது இதற்கு நேரெதிரான தவறு. மெல்லிய பூச்சே போதும், தோலில் வெள்ளையாகத் தெரியாத அளவுக்குத் தேய்த்துவிட வேண்டும். 8 சதவீத கேப்சைசின் ஒட்டுப் பட்டை ஒன்றும் உண்டு. நரம்பு வலிக்கு மருத்துவமனையிலேயே வைத்து, பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஒட்டி எடுப்பார்கள். பலன் மூன்று மாதம் வரை நிற்கலாம். அதை வீட்டில் கிரீமைக் கொண்டு செய்து பார்க்க முடியாது. மிளகாயை அரைத்துப் பூசவே கூடாது, அதில் எவ்வளவு கேப்சைசின் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சித்தி செய்த இன்னொரு தவறு, தடவிய கையோடு வெந்நீர்க் குளியல். தோலில் கேப்சைசின் இருக்கும்போது அந்தக் கதவு 43 டிகிரிக்காகக் காத்திருப்பதில்லை. மிதமான சூட்டுக்கே திறந்துகொள்ளும். வழக்கமாக இதமாக இருக்கும் தண்ணீர் கொதிநீராய்ப் படும். வியர்வை, ஒத்தடப் பை, இறுகக் கட்டிய துணி எல்லாம் இதே வேலையைச் செய்யும். குளித்துவிட்டுத் தடவுவதானால் தோல் நன்றாகக் காய்ந்து குளிர்ந்த பிறகு தடவுங்கள்.

கையை வெறும் தண்ணீரில் அலசுவதும் வீண். கேப்சைசின் கொழுப்பில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், முடிந்தால் கையுறை போட்டே தடவுங்கள். விரல் மூட்டுக்கே மருந்து என்றால் அரை மணி நேரம் விட்டுக் கழுவலாம். அதுவரை கண், மூக்கு பக்கம் கை போகக் கூடாது, காண்டாக்ட் லென்ஸைத் தொடவே கூடாது.

வெட்டுக்காயத்திலோ ஆறாத அக்கிக் கொப்புளத்திலோ இதைத் தடவக் கூடாது. அக்கி வலிக்குப் பயன்படுத்துவதென்றால் புண் முழுதாக ஆறிய பிறகுதான். சிவந்து எரிவது எதிர்பார்த்த ஒன்று. தோல் கொப்பளித்தாலோ வீங்கினாலோ அது வேறு. உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.