படம் நிஜம், கீழே இருக்கும் வரி பொய்: நாம் தவறும் இடங்கள்

2017 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பாகிஸ்தான் தூதர் மலீஹா லோதி ஒரு புகைப்படத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் முகமெங்கும் காயங்களோடு ஓர் இளம்பெண். காஷ்மீரில் பெல்லட் துப்பாக்கிக்கு இரையானவர் என்ற பொருளில் அவர் அதைக் காட்டினார். உண்மையில் அது 2014-இல் காஸாவில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஹெய்டி லெவின் எடுத்த படம். அந்தப் பெண் இஸ்ரேலிய வான்தாக்குதலில் காயமடைந்தவர்.

பார்த்தவர்கள் ஏன் சட்டென்று நம்பினார்கள்? 2016-இல் காஷ்மீரில் பெல்லட் பட்டுப் பலர் பார்வை இழந்தது நிஜம். அந்தச் செய்தியைப் படித்த மனதுக்கு 'பெல்லட்' என்ற ஒரு சொல் போதும், முகத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஈயக்குண்டு பாய்ந்த இடமாகவே தெரியும். காயம் எப்படி வந்தது, எந்த ஊரில் வந்தது என்று படம் சொல்லவில்லை. அந்த இடைவெளியைச் சொல் நிரப்பிவிட்டது. ஆனால் நமக்கோ எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகவே நினைவு நிற்கிறது.

இந்த வேலையை 1932-இலேயே கார்மைக்கேல், ஹோகன், வால்டர் என்ற மூன்று உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். ஒரு கோட்டால் இணைந்த இரண்டு வட்டங்களைச் சிலரிடம் 'மூக்குக்கண்ணாடி போல' என்று சொல்லிக் காட்டினார்கள். வேறு சிலரிடம் அதே உருவத்தை 'டம்பெல் போல' என்றார்கள். பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, பலருடைய ஓவியங்கள் கேட்ட பெயரின் பக்கமே சாய்ந்திருந்தன.

இப்படிப்பட்ட படங்களைச் சரிபார்க்கும்போது பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, படத்தில் ஒட்டுவேலை இருக்கிறதா என்று தேடுவது. நிழல் சரியா, விரல்கள் சரியா என்று பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், "ஒரிஜினல்தான்" என்று ஃபார்வேர்டு செய்துவிடுகிறார்கள். லெவின் எடுத்த படத்திலும் ஒட்டுவேலை கிடையாது. பொய், படத்தோடு சேர்த்துச் சொன்ன ஊர்ப்பெயரில் இருந்தது. எனவே கேள்வியை மாற்றுங்கள். கீழே உள்ள வரியைக் கையால் மறைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இந்தப் படத்துக்கு 'இளம்பெண், முகத்தில் காயங்கள்' என்பதற்கு மேல் அதிகம் எழுத முடியாது. காஷ்மீர், பெல்லட் இரண்டுமே அந்தத் தாளில் வராது. வராதவற்றைத்தான் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, அந்த வரியில் உள்ள சொற்களையே தேடுபொறியில் போடுவது. 'காஷ்மீர் பெல்லட் இளம்பெண்' என்று தேடினால் காஷ்மீர்ச் செய்திகளே வந்து குவியும். அவை நிஜச் செய்திகளாகவும் இருக்கும். ஆனால் இந்தப் படத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. சொல்லை விட்டுவிட்டுப் படத்தையே கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ கொடுங்கள். டின்ஐயில் 'Oldest' என்று வரிசைப்படுத்தினால், அந்தத் தளம் முதன்முதலில் கண்ட பிரதி மேலே வரும். அது படம் எடுத்த தேதி அல்ல. ஆனால் சொல்லப்படும் சம்பவத்துக்கு முன்பே படம் இணையத்தில் இருந்திருந்தால், அந்த வரி அங்கேயே விழுந்துவிடும். அதோடு நிற்காமல், எடுத்தவர் பெயர், இடம், தேதி மூன்றும் உள்ள பதிவு கிடைக்கும்வரை தேடுங்கள்.

அரசு ஆவணம் என்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவதும் தவறுதான். அதே 2017-இல் இந்திய உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில், நம் எல்லையில் போட்ட மின்விளக்குகள் என்று ஒரு படம் வந்தது. அது ஸ்பெயின்–மொராக்கோ எல்லையில் 2006-இல் எடுத்த படம் என்று கண்டுபிடித்தது ஆல்ட் நியூஸ் தளம். இரவில் வரிசையாக எரியும் விளக்குகள் எந்த நாட்டு எல்லைக்கும் பொருந்தும். இப்படி எங்கும் பொருந்துகிற படங்களில்தான் வரி சொல்வதே வேதவாக்காகிவிடுகிறது.

பொய் தெரிந்த பிறகு நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. அதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. லோதி காட்டிய படம் காஸாவைச் சேர்ந்தது என்று தெரிந்ததால், காஷ்மீரில் பெல்லட் காயங்களே இல்லை என்று ஆகிவிடாது. படம் போலி என்று சொல்வதும் அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி. அவருடைய காயங்கள் நிஜம்.

தேடியும் எதுவுமே கிடைக்காமல் போவதும் உண்டு. படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கலாம், ஓரம் வெட்டியிருக்கலாம், அல்லது அன்று காலைதான் எடுத்திருக்கலாம். திருப்பிப் போட்டும், ஒரு பகுதியை மட்டும் வெட்டியும் மறுபடி தேடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோயிருக்கும், அதை நம்பி இருக்க முடியாது. அப்போதும் ஒன்றும் வரவில்லையென்றால், அந்த வரி இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று மட்டுமே பொருள்.