தடித்த செம்பும் சூடாகும்: தோல் விளைவில் நாம் செய்யும் தவறுகள்

2023இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக் கராஜில் ஒரு இன்வெர்ட்டருக்காக டிரான்ஸ்ஃபார்மர் சுற்றினேன். ஓடும் அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ். 2 மி.மீ. விட்டமுள்ள செப்புக் கம்பி, நீளம் 2 மீட்டர். மில்லிஓம் மீட்டர் 11 மில்லிஓம் என்றது. 20 ஆம்பியருக்கு 4.4 வாட்தானே வீணாகும் என்று கணக்குப் போட்டேன். ஓடவிட்டால் கையே வைக்க முடியவில்லை.

அந்த மீட்டர் அளந்தது நேர்மின்னோட்டத்துக்கான தடை. முதல் தவறு அதை நம்பியதுதான். மாறும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். கம்பியின் நடுப்பகுதியைச் சூழும் புலம் அதிகம், ஆகவே அங்கே எதிர்ப்பு மின்னழுத்தமும் அதிகம். மின்னோட்டம் வழி எளிதான வெளிப்புறத்துக்கு ஒதுங்குகிறது. இதைத்தான் தோல் விளைவு என்கிறோம். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் பேட்டரி மின்னோட்டமும் ஓரத்தில்தானே ஓட வேண்டும்? ஓடுவதில்லையே.

செம்பில் 100 கிலோஹெர்ட்ஸுக்குத் தோல் ஆழம் சுமார் 0.21 மி.மீ. அந்த ஆழத்தில் மின்னோட்ட அடர்த்தி மேற்பரப்பில் இருப்பதில் 37 சதவீதமாகக் குறைந்துவிடும். தோராயமாக, வெளி ஓரத்தில் 0.21 மி.மீ. தடிமனுள்ள குழாய் மட்டும் வேலை செய்வதாக வைத்துக்கொள்ளலாம். என் கம்பியின் 3.14 சதுர மி.மீ. பரப்பில் பயன்பட்டது 1.18தான். தடை 29 மில்லிஓமுக்கு ஏறியது, வீணானது கிட்டத்தட்ட 12 வாட்.

சரி, 4 மி.மீ. கம்பி போட்டால்? அதுதான் அடுத்த தவறு. செம்பு நான்கு மடங்காகும், பயன்படும் பரப்போ இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். இதுவும் தனிக் கம்பிக்கான கணக்கு. அடுக்கடுக்காகச் சுற்றினால் பக்கத்துச் சுற்றுகளின் புலமும் சேர்ந்து இழப்பை இன்னும் கூட்டும், தடித்த கம்பிக்கு அது அதிகம்.

சாதாரணப் பல இழைக் கம்பியும் உதவாது. இழைகள் ஒன்றையொன்று தொடுவதால் மின்னோட்டம் வெளி இழைகளுக்குத் தாவிவிடும். தேவை லிட்ஸ் கம்பி. அதில் ஒவ்வொரு இழைக்கும் தனி எனாமல் பூச்சு. ஒவ்வொன்றும் மாறிமாறி உள்ளும் வெளியும் வரும்படி முறுக்கியிருப்பார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டு வயரிங்கிலும் லிட்ஸ் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். 50 ஹெர்ட்ஸில் தோல் ஆழம் 9 மி.மீ.க்கு மேல், வீட்டு ஒயரில் முழுச் செம்பும் வேலை செய்யும்.

நான் கடைசியில் 0.1 மி.மீ. இழைகள் 400 கொண்ட லிட்ஸ் வாங்கினேன். மொத்தச் செம்பு அதே 3.14 சதுர மி.மீ. முனையில் எனாமல் முழுதாகப் போகாமல் சால்டர் வைத்தால் சில இழைகள் சும்மா கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க அதே மில்லிஓம் மீட்டர் போதும். முறுக்கால் இழைகள் கொஞ்சம் நீளும் என்பதால் 11ஐ விடச் சற்றுக் கூடக் காட்டுவது இயல்பு. எனக்கு 14 காட்டியது, அதாவது சில இழைகள் சேரவில்லை. முனைகளை மறுபடி சூடாக்கி ஈயத்தில் முக்கினேன்.