டெர்ம் பாலிசியில் தப்பாக விழுந்த ஒரு டிக்

வாரத்துக்கு ரெண்டு மூணு சிகரெட் என்று பாலிசி விற்ற பையனிடம் போனில் தெளிவாகத்தான் சொன்னேன். பாலிசியோடு வந்த படிவ நகலில் பார்த்தால் 'புகையிலை: இல்லை'. பிரீமியம் ஏறினால் ஆள் ஓடிவிடுவார் என்று அந்தப் பையனே டிக் அடித்திருக்கிறான். கேள்வியோ, கடந்த 12 மாதத்தில் எந்த வடிவிலாவது புகையிலை உண்டா என்பது. ஏற்காட்டுக் குளிரில் பிடித்த ஒன்றும் அதில் சேரும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் சேரும்.

30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பித் தரலாம். நான் திருத்தக் கேட்டேன், போனில் அல்ல, மின்னஞ்சலில்: பாலிசி எண், கேள்வி, படிவத்தில் உள்ள பதில், சரியான பதில். 'பிரஷர் உண்டு' என்று மொட்டையாக இருந்த இடத்துக்கு மாத்திரை பெயர், 40 மி.கி., எந்த வருடத்திலிருந்து, கடைசியாகப் பார்த்த பிரஷர் அளவு எல்லாம் எழுதினேன். அப்பா 71 வயதில் இறந்தார். ஆனால் மாரடைப்பு வந்தது 52இல். குடும்ப வரலாற்றில் கேட்பது நோய் வந்த வயதை.

சேலத்திலேயே, புகையிலைப் பழக்கத்தைக் காட்டும் கோட்டினின் பரிசோதனையைச் சிறுநீரில் எடுத்தார்கள். பிரீமியம் ஏறத்தான் ஏறியது. புதிய தொகைக்குச் சம்மதம் கொடுத்த பிறகே திருத்தக் கடிதம் வந்தது. காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவுப்படி முதல் 3 ஆண்டுக்குள் மறைத்த விவரத்தைக் காட்டி பாலிசியைக் கேள்வி கேட்க முடியும். அந்தக் கடிதத்தை நாமினியான மனைவியின் பீரோவில் பாலிசியோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.