கொய்மலர் படங்களில் காம்பையும் இதழையும் பார்த்து ஏமாறும் இடங்கள்

ரோஜாப் படத்தில் காம்பின் வெட்டுவாய் வெளிர்பச்சையாகத் தெரிந்தால் பூ புதிது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எவ்வளவு பழைய காம்பானாலும் நறுக்கிய உடனே வெட்டுவாய் பளிச்சென்றுதான் இருக்கும். கடைசியாக நறுக்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மட்டுமே அது சொல்லும். பூ நாள் கணக்கில் தண்ணீரில் நின்றதா என்று தெரிய, வெட்டுவாய்க்குச் சற்று மேலே பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கீழே மட்டும் தோல் பழுப்பேறி வழவழவென்று மினுங்கினால், அங்கே பாக்டீரியா பெருகியிருக்கிறது. காம்புக்குள் நீரேறும் குழாய்களை அடைப்பவற்றில் அதுவும் ஒன்று.

இதழ் விளிம்பில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. ரோஜாவின் வெளிச்சுற்றில் இரண்டு மூன்று இதழ்கள் பச்சைக் கோடுகளோடு, ஓரம் கருகிச் சுருங்கி இருப்பது சகஜம். மொட்டுக்கு உறைபோல நின்று அடிபடும் இதழ்கள் அவை. அவற்றைப் பார்த்து நல்ல பூவைக் கழித்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதற்கு உள்ளே இருக்கும் சுற்றை. அங்கே குண்டூசித் தலை அளவில் வெளிறிய புள்ளிகள் இருந்தால் பாட்ரைடிஸ் பூஞ்சையாக இருக்கலாம். ஈரம் இருந்தால் அது பழுப்பாகிப் பரவும். அப்படிப்பட்ட பூவை நாள் கணக்கில் நம்ப வேண்டாம்.

இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சிவப்பு ரோஜா, தலை கவிழ்ந்திருக்கிறது. வாடிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் உள் இதழ்களின் ஓரம் சுத்தம், நிறமும் நீலம் பாயவில்லை. வெட்டுவாயோ காய்ந்து பழுப்பாக இருக்கிறது. பூவுக்குத் தண்ணீர் ஏறவில்லை, அவ்வளவுதான். அதே கவிழ்ந்த தலையோடு உள் இதழ் ஓரங்களும் தளர்ந்து, கண்ணாடிபோல ஊடுதெரிந்து, சிவப்பு ஊதாவாக மாறியிருந்தால் அது முதுமை. அப்புறம் நறுக்கிப் பயனில்லை.

முதலில் சொன்ன, தண்ணீர் ஏறாத பூவின் காம்பை அடிநுனியில் 2–3 செ.மீ. நறுக்கி, பூத்தலைக்குக் கீழுள்ள கழுத்து நிமிர்ந்து நிற்கும்படி தாளில் சுற்றி, சுத்தமான ஆழமான தண்ணீரில் நிறுத்தலாம். வெகுநேரம் வளைந்தே கிடந்த கழுத்து மட்டும் நிமிராமல் போகக்கூடும்.

படமே ஏமாற்றுவதும் உண்டு. மஞ்சள் விளக்கில் எடுத்த வெள்ளை ரோஜாவின் ஓரம் பழுத்ததுபோலத் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுத்தால், தாளும் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் கழுத்தும் காம்பும் மறைந்துவிடும். அதனால் பக்கவாட்டில் ஒன்று, காம்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைக்காமல் ஒன்று, ஓர் உள் இதழின் ஓரம் கிட்டத்தில் ஒன்று என்று படம் அனுப்புபவரிடம் கேட்டு வாங்குங்கள். நறுக்கி வைத்த சில மணி நேரம் கழித்து, அதே கோணத்தில் பக்கவாட்டுப் படத்தை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். கழுத்து கொஞ்சமும் உயரவில்லை என்றால் அந்தப் பூவைப் பூங்கொத்தில் சேர்க்க வேண்டாம்.