பேங்க் கார்டை வைத்து, படத்திலிருந்தே குத்துவிளக்கின் உயரத்தைக் கணக்கிடுவது எப்படி?

அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு பினாங்கில் அக்கா வீட்டில் இருந்தது. அதைக் கோலாலம்பூரில் எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கொண்டுவர வேண்டும். மேடையின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே 42 சென்டிமீட்டர்தான். "அக்கா, பக்கத்துல ஒரு பேங்க் கார்டை வெச்சு படம் எடுத்து அனுப்புங்க" என்றேன். கணக்கிட்டதில் உயரம் 40.4 வந்தது. நம்பி வரவழைத்தேன். விளக்கின் உச்சி மேல்தட்டில் இடித்தது. நாடாவால் அளந்தால் சரியாக 45!

தப்பு எங்கே நடந்தது என்று பார்ப்பதற்கு முன், முறையைச் சொல்லிவிடுகிறேன்.

பேங்க் கார்டுகள் எந்த வங்கியுடையதானாலும் ஐஎஸ்ஓ 7810 தரத்தின்படி ஒரே அளவுதான்: நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. காலாவதியான கார்டு இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் எண்கள் தெரியாதபடி நடுவில் தாள் ஒட்டுங்கள். ஓரங்கள் மட்டும் முழுதாகத் தெரிய வேண்டும். டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டும் இதே அளவுதான்.

படத்தைக் கணினியில் பெயிண்ட் செயலியில் திறங்கள். சுட்டியை நகர்த்தினால், அது நிற்கும் இடத்தின் இரண்டு எண்கள் கீழ்ப்பட்டையில் தெரியும். இரண்டாவது எண் மேலிருந்து கீழாக எத்தனை பிக்சல் என்பது. விளக்கின் உச்சியில் ஒரு எண், அடியில் ஒரு எண். கழித்தால் விளக்கின் பிக்சல் உயரம். நட்டமாக நிற்கும் கார்டுக்கும் இப்படியே. கார்டின் மூலைகள் வளைந்திருப்பதால் அங்கே வைத்து அளக்காதீர்கள். மேல் ஓரத்தின் நடுவிலிருந்து கீழ் ஓரத்தின் நடுவுக்கு எடுங்கள். பிறகு:

```
உயரம் = விளக்கின் பிக்சல் ÷ கார்டின் பிக்சல் × 85.6
```

அக்கா அனுப்பிய படத்தில் விளக்கு 1462, கார்டு 310. விடை 404 மில்லிமீட்டர். கணக்கில் பிழையில்லை. கார்டு சாய்ந்திருந்ததா என்றும் பார்த்தேன். கார்டின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.586 வர வேண்டும். சாய்ந்திருந்தால் அந்த எண் மாறிவிடும். இங்கே 310-ஐ 195-ஆல் வகுத்தேன், 1.59. நேராகத்தான் நின்றிருக்கிறது.

கார்டு நின்ற இடம்தான் தப்பு. விளக்கின் அடித்தட்டு 16 சென்டிமீட்டர் அகலம். அக்கா கார்டை அதன் முன்விளிம்பை ஒட்டி நிறுத்தியிருந்தார். விளக்கின் தண்டும் உச்சியும் நடுவில், 8 சென்டிமீட்டர் பின்னால். போனுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் அல்லவா? கார்டு பெரிதாகத் தெரிந்ததால், அதோடு ஒப்பிட்ட விளக்கு குட்டையாகிவிட்டது. சாய்வைக் கண்டுபிடிக்கும் 1.586 சோதனை இந்த முன்பின் பிழையைக் காட்டாது. படத்தைப் பார்க்கும் கண்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

ஆகவே கார்டை விளக்கின் முன்னால் வைக்காதீர்கள். பக்கத்தில், தண்டுக்கு நேராக, ஒரு பிஸ்கட் டப்பாவை நிறுத்தி அதில் கார்டை நட்டமாக ஒட்டுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கார்டும் தண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். டப்பாவின் நிறமும் கார்டின் நிறமும் ஒன்றாக இருந்தால் ஓரம் தெரியாது, அதையும் கவனியுங்கள். போனை விளக்கின் பாதி உயரத்தில், சாய்க்காமல் பிடியுங்கள். இரண்டு மீட்டராவது தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்: தூரம் கூடக்கூட, கார்டு ஒரு சென்டிமீட்டர் முன்பின் இருந்தாலும் பாதிப்பு குறையும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி ஓரங்கள் மங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

விளக்கு வீட்டுக்கு வந்த பிறகு இப்படியே எடுத்துப் பார்த்தேன். விளக்கு 1890, கார்டு 362. விடை 447 மில்லிமீட்டர். இன்னும் 3 மில்லிமீட்டர் குறைகிறதே? விளக்கு கார்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல் உயரம். கார்டின் ஓரத்தை ஒரு பிக்சல் தப்பாகக் குறித்தால் விடை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகரும். நான் கார்டின் நிழலையும் சேர்த்துக் குறித்திருக்கிறேன். இந்த அளவுப் பொருளுக்கு அரை சென்டிமீட்டர் முன்பின் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் அந்த இடைவெளியாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுபடி எடுக்க முடியாத பழைய படமாக இருந்தால், எடுத்தவரிடம் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று கேளுங்கள். அக்கா, "ஒரு கை நீட்டுற தூரம்தான் தம்பி, 70 சென்டிமீட்டர் இருக்கும்" என்றார். கார்டு 70-இல், தண்டு 78-இல். முதல் விடையான 40.4-ஐ 78-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தேன். 45 வந்தது.